கடைசி ஷாட்டுக்கு மூணு ஷாட் முன்னாடி: ஒரு பேட்மிண்டன் மேட்ச்சை எண்ணிப் பார்த்த எபிசோட்

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் கோட், நிறைய ஷட்டில். ஒரே ஒரு மேட்ச் வீடியோ, அதுல இருந்து எடுத்த ஒரு பக்க ரிவ்யூ, அவ்வளவுதான் விஷயம். கேட்டுட்டே வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை: நடுவுல ரெண்டு வரி கோட் வரும். அதை நான் வாயாலயே சொல்லிடுவேன். எழுத்தா பார்க்கணும்னா இந்தப் பக்கத்துல இருக்கு.

மேட்ச் யாரோடதுன்னா, 17 வயசு, வலதுகைக்காரங்க, டோர்னமென்ட்ல சிங்கிள்ஸ் ஆடுற ஒரு பொண்ணு. பேர் வேண்டாம், 'நம்ம ப்ளேயர்'னே வச்சுக்குவோம். மூணு கேம் போய் தோத்த மேட்ச். 21-18, 17-21, 15-21. கோச்சோட கணிப்பு: "ஸ்டாமினா பத்தலை, மூணாவது கேம்ல கால் நிக்கலை." அதனால அடுத்த ஆறு வாரத்துக்கு ஓட்டத்தைக் கூட்டி, கோர்ட் நேரத்தைக் குறைக்கிறதா ப்ளான். நம்ம ப்ளேயருக்கு அதுல உடன்பாடு இல்ல. "அண்ணா, எனக்கு மூச்சே வாங்கல. ஆனா எதுல தோத்தேன்னும் தெரியல"ன்னாங்க. வீடியோ இருந்துச்சு. கோர்ட்டுக்குப் பின்னாடி கேலரியில, சுமார் 3 மீட்டர் உயரத்துல வச்ச போன், 1080p, விநாடிக்கு 60 ஃப்ரேம்.

ஆக கேள்வி இதுதான்: நீளமான ராலியில தோக்குறாங்களா, இல்லையா? ஆறு வாரப் பயிற்சி இந்த பதிலைப் பொறுத்து மாறும்.

முதல்ல, ராலி நீளம்னா என்ன?

2017 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் ஞாபகம் இருக்கா? கிளாஸ்கோவில பி.வி. சிந்துவும் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிஷம் ஆடினாங்க. ரெண்டாவது கேம் முடியற அந்த ராலி 73 ஷாட். பார்த்தவங்க யாரும் அதை மறக்க மாட்டாங்க. அந்த ராலியை ஜெயிச்சது சிந்து. மேட்ச்சை ஜெயிச்சது ஒகுஹாரா. நம்ம மனசுல நிக்கிறது நீளமான ராலி. மேட்ச் முடிவாகுற இடம் அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல. எண்ணிப் பார்க்கிறதுக்கு முக்கியமான காரணமே இதுதான்.

எண்ணுறதை விநாடியில எண்ணக்கூடாது, ஷாட்ல எண்ணணும். ரெண்டு பேரும் பின்கோட்டுல இருந்து க்ளியர், அதாவது நம்ம ஊர் கோர்ட்டுல 'டாஸ்'னு சொல்றது, மாத்தி மாத்திப் போட்டா ரெண்டு ஷாட்டுலயே மூணு விநாடி போயிடும். அதே நேரத்துல நெட்டுக்கு மேல தட்டையா ட்ரைவ் அடிச்சா ஐந்தாறு ஷாட் ஆகிடும். உடம்பு படுற பாடும் வேற, எடுக்கற முடிவுகளோட எண்ணிக்கையும் வேற. ராக்கெட் ஷட்டில்ல படுற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. சர்வ்ல இருந்து ஆரம்பிக்கணும். நெட்டுல மாட்டுனாலும், வெளிய போனாலும் அந்த ஷாட்டும் கணக்குல சேரும்.

ஷட்டிலைக் கண்டுபிடிக்கிறது

ஷட்டில் சின்னது, வெள்ளை, வேகம். 300 கிலோமீட்டர் வேகத்துல ஸ்மாஷ் கிளம்புதுன்னா விநாடிக்கு 83 மீட்டர். 30 ஃப்ரேம் வீடியோவுல ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல அது கிட்டத்தட்ட 2.8 மீட்டர் தாவிடும். காத்து பிடிச்சு இழுக்கிறதால சீக்கிரமே வேகம் குறையும்னாலும், அடிச்ச அந்தக் கணம்தான் நமக்கு முக்கியம், அந்தக் கணம்தான் கலங்கலா இருக்கும். அதனாலதான் 60 ஃப்ரேம் கேட்டு வாங்கினேன்.

ஒரே ஒரு ஃப்ரேமைக் காட்டி "ஷட்டில் எங்க"ன்னு கேட்டா மனுஷனாலயே சொல்ல முடியாது. ட்யூப்லைட்டும் வெள்ளை, கோடும் வெள்ளை, சாக்ஸும் வெள்ளை. 2019ல தைவான்ல இருந்து வந்த `TrackNet` இந்தச் சிக்கலை எளிமையா கையாளுது. அடுத்தடுத்த மூணு ஃப்ரேமைச் சேர்த்து வாங்கிக்கும். அசையறது எதுன்னு அதுல தெரிஞ்சுடும். ஒவ்வொரு பிக்சல்லயும் ஷட்டில் இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு வரைபடமா திருப்பித் தரும். அதோட உச்சப் புள்ளிதான் ஷட்டில். இந்த வேலையை நான் புதுசா எழுதல, இருக்கிறதையே எடுத்துக்கிட்டேன்.

இப்போ நம்ம கையில ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஷட்டில் எந்த பிக்சல்ல இருக்குன்னு ஒரு பட்டியல். ஆசை எங்க போகும்னா, கோர்ட்டோட நாலு மூலையைக் குறிச்சு `cv2.findHomography` போட்டு, பிக்சலை மீட்டரா மாத்தி, ஷட்டில் கோர்ட்டுல எங்க இருக்குன்னு வரைஞ்சிடலாம்னு போகும். அங்கதான் நிக்கணும். அந்தக் கணக்கு தரையில இருக்கிற பொருளுக்கு மட்டும்தான் செல்லும். காத்துல இருக்கிற பொருளை அது தரையில, இன்னும் தூரத்துல இருக்கிறதா நினைச்சுக்கும். கேமரா உயரம் `H`, பொருளோட உயரம் `h`, நிஜ தூரம் `D`ன்னா, அது காட்டுற தூரம் `D × H / (H − h)`. நம்ம கேமரா 3 மீட்டர். 10 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் உயரத்துல ஷட்டில் இருந்தா, கணக்கு 60 மீட்டர்னு சொல்லும். கோர்ட்டே 13.4 மீட்டர்தான். ஷட்டில் பஸ் ஸ்டாப்ல நிக்குது!

அதனால இடத்தைச் சொல்ல ஷட்டிலை நம்பல, ஆளோட பாதத்தை நம்பினேன். யார் அடிக்கிறாங்களோ அவங்க பாதம் எங்க இருக்கோ, அதுதான் ஷாட் அடிச்ச இடம். அதுலயும் ஒரு சின்ன நுணுக்கம். குதிச்சு அடிக்கும்போது பாதம் 30 சென்டிமீட்டர் மேல இருந்தா, அதே சூத்திரப்படி 10 மீட்டர் 11.1 மீட்டராத் தெரியும். ஒரு மீட்டருக்கு மேல பிசகு. ஆகவே அடிச்ச ஃப்ரேம்ல இருக்கிற பாதத்தை விட்டுட்டு, குதிக்கிறதுக்கு முன்னாடி தரையில ஊன்றியிருந்த பாதத்தை எடுத்துக்கணும்.

ஷாட் எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குது?

ஷட்டிலோட திசையும் வேகமும் சட்டுனு மாறுற இடம், அப்போ ஒரு ஆளோட கை அதுக்குப் பக்கத்துல இருக்கணும். இந்த ரெண்டும் சேர்ந்தா ஒரு ஷாட். ரெண்டாவது நிபந்தனை ஏன்னா, க்ளியர் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிறதும் திசை மாற்றம்தான். அங்க யாரும் அடிக்கல.

இது பொதுவா நல்லாவே வேலை செய்யும். சறுக்குற இடம் நெட்டோரம். மெல்லத் தட்டி விடுற நெட் ஷாட்ல வேகம் அவ்வளவா மாறாது. அதுவும் தூரத்துப் பக்கம் இருக்கிறவங்க தட்டினா, இந்தப் பக்க ஆளோட உடம்பு பாதி நேரம் மறைச்சிடும். ஷட்டில் காணாம போன அந்தச் சில ஃப்ரேமை நேர்கோடு போட்டு நிரப்பினோம்னா, இருந்த திருப்பமும் அழிஞ்சு போயிடும்.

எவ்வளவு சரியா எண்ணுதுன்னு தெரிஞ்சுக்க, ஏதாவது 20 ராலியைப் பொறுக்கி எடுத்து நானே கண்ணால எண்ணினேன். 15 ராலி அச்சு அசலா சரி. 4 ராலியில ஒண்ணு குறைச்சல். ஒரு ராலியில ரெண்டு குறைச்சல். "ஒண்ணுதானே, பரவால்ல"ன்னு தோணும். 12 ஷாட் ராலியை 11னு எண்ணினா என்ன கெட்டுடும்? நீளத்தை மட்டும் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் கெடாது. ஆனா ரிவ்யூவுக்கு இன்னொரு கேள்வி இருக்கு: அந்தப் பாயின்ட் நம்ம தப்பால போச்சா, எதிராளி நல்லா அடிச்சு எடுத்தாங்களா? அங்க இந்த 'ஒண்ணு' எல்லாத்தையும் தலைகீழாக்கிடும்.

எப்படின்னு பாருங்க. சர்வ் போடுறவங்க ஷாட் 1, அடுத்தவங்க 2, மறுபடி சர்வ் போட்டவங்க 3. ஒற்றைப்படை எல்லாம் சர்வருடையது, இரட்டைப்படை எல்லாம் ரிசீவருடையது. ராலி 7 ஷாட்ல முடிஞ்சா கடைசியாத் தொட்டது சர்வர். அவங்களே பாயின்ட் எடுத்திருந்தா அது வின்னர். ராலி 8 ஷாட்ல முடிஞ்சு சர்வர் பாயின்ட் எடுத்திருந்தா, கடைசியாத் தொட்டது ரிசீவர், அது ரிசீவரோட தப்பு. ஒரே ஒரு நெட் ஷாட்டைத் தவறவிட்டா 8 ஏழாகும், 'தப்பு' 'வின்னர்' ஆகிடும். வேடிக்கை என்னன்னா, ரெண்டு ஷாட்டைத் தவறவிட்ட அந்த ராலியில இந்தக் குழப்பம் வராது.

பாயின்ட் யாருக்குன்னு எப்படித் தெரியும்? ஸ்கோர்போர்டு வீடியோவுல தெரியலைன்னாலும் கவலை இல்ல. பேட்மிண்டன்ல ராலியை ஜெயிச்சவங்கதான் அடுத்த சர்வ். கேமோட கடைசி ராலிக்கும் இது பொருந்தும், ஏன்னா கேமை ஜெயிச்சவங்கதான் அடுத்த கேமைத் தொடங்குவாங்க. மேட்ச்சோட கடைசி பாயின்ட் மட்டும்தான் விதிவிலக்கு. ஆக மொத்தக் கணக்கும் இந்த ரெண்டே வரி:

```python
hitter = server if n % 2 == 1 else receiver
result = "winner" if hitter == next_server else "error"
```

`n` ராலியோட ஷாட் எண்ணிக்கை. கடைசியா அடிச்சவங்களே அடுத்த சர்வ் போட்டா வின்னர், இல்லைன்னா தப்பு.

விளையாட்டோட விதியே காவல்காரன்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை எடுத்துட்டுப் போகணும்னா இதை எடுத்துட்டுப் போங்க. மாடலை இன்னும் நல்லா பயிற்சி கொடுக்கிறதை விட, அது பிசகுற இடத்தைப் பிடிக்கிறது சுலபம். ஏன்னா விளையாட்டுக்கு விதி இருக்கு.

முதல் விதி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் அடிக்கணும். பட்டியல்ல ஒரே ஆள் அடுத்தடுத்து ரெண்டு தடவை அடிச்ச மாதிரி வந்தா, நடுவுல ஒரு ஷாட் காணோம். இல்லைன்னா இல்லாத ஷாட் ஒண்ணு உள்ள வந்திருக்கு. ரெண்டுல எதுன்னு அந்த ரெண்டு விநாடியைப் பார்த்தாத் தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, சிங்கிள்ஸ்ல சர்வரோட ஸ்கோர் இரட்டைப்படைன்னா வலது பக்கத்துல இருந்து சர்வ், ஒற்றைப்படைன்னா இடது பக்கத்துல இருந்து. ஒரு ராலி முடிஞ்சு அதே ஆள் அதே பக்கத்துல இருந்து மறுபடி சர்வ் போட்டா, நடுவுல பாயின்ட் எதுவும் ஏறல. ஒண்ணு அது லெட்டா இருக்கும், இல்லைன்னா அது ராலியே இல்ல. இந்த 'ராலியே இல்லாத ராலி' நிறைய வரும். பாயின்ட் முடிஞ்சதும் தரையில கிடக்கிற ஷட்டிலை எதிர்ப்பக்கம் தட்டி விடுவாங்க இல்லையா, ப்ரோக்ராமுக்கு அது ஒரு ஷாட் ராலி. இதை வடிகட்டலைன்னா "உங்க ராலியெல்லாம் ரொம்பக் குட்டை"ன்னு ரிப்போர்ட் சொல்லும்.

மூணாவது, கேம் முடிஞ்சா பக்கம் மாறும். மூணாவது கேம்ல முதல் ஆள் 11 பாயின்ட் தொட்டதும் மறுபடி மாறும். இதை விட்டா, 11க்கு அப்புறம் நம்ம ப்ளேயர் அடிச்சதெல்லாம் எதிராளி பேர்ல போய்ச் சேரும்.

இந்த மூணு விதியையும் வச்சு ஓட்டினப்போ, 113 ராலியில 31 ராலிக்குச் சிவப்புக் கொடி விழுந்துச்சு. அதை மட்டும் உட்கார்ந்து கையால சரி பண்ணினேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசி ஷாட்டையே தவறவிட்டிருந்தா இந்த விதிகள் அதைப் பிடிக்காது. அதுக்கு வேற வழி வேணும், இப்போ வர்றேன்.

ஷாட்டுக்குப் பேர் வைக்கிறது

ShuttleSetனு ஒரு டேட்டாசெட் இருக்கு, உலகத் தர ஆட்டக்காரங்களோட 44 மேட்ச், 36,492 ஷாட், எல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க பார்த்து எழுதினது. அதுல ஷாட் வகை 18. நம்ம ரிவ்யூவுக்கு அவ்வளவு வேண்டாம்னு முடிவு பண்ணி எட்டு வச்சேன்: சர்வ், க்ளியர், ட்ராப், ஸ்மாஷ், லிஃப்ட், நெட், ட்ரைவ், பிளாக். ரெண்டு வகையைப் பிரிச்சுக் காட்டினா கோச் சொல்லப் போறது மாறுமா? மாறாதுன்னா பிரிக்க வேண்டாம். பிரிக்கப் பிரிக்கக் குழப்பம்தான் கூடும்.

பேர் வைக்க மூணு தகவல் போதும். எங்க இருந்து அடிச்சாங்க: முன்னாடி, நடு, பின்னாடி. தலைக்கு மேல எடுத்தாங்களா, இடுப்புக்குக் கீழ எடுத்தாங்களா. அப்புறம், அடுத்த ஷாட் எவ்வளவு நேரம் கழிச்சு, எங்க நடந்துச்சு. பின்னாடி இருந்து தலைக்கு மேல அடிச்ச மூணு ஷாட்டை எடுத்துக்குங்க. இந்த வீடியோவுல அரை விநாடி மாதிரியில எதிராளி நடுக்கோர்ட்டுல எடுத்தா ஸ்மாஷ். ஒரு விநாடிக்குள்ள நெட் பக்கத்துல எடுத்தா ட்ராப். அதுக்கும் மேல ஆகி, பின்கோட்டுல எடுத்தா க்ளியர். ராக்கெட் எப்படிச் சுழலுதுன்னு பார்க்கவே தேவையில்லை. நல்ல ஆட்டக்காரங்க மூணையும் ஒரே மாதிரிதான் சுழட்டுவாங்க, ஏமாத்துறதே அதுக்குத்தானே.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. பேர் வைக்க 'அடுத்த ஷாட்' வேணும்னு சொன்னேன். ராலியோட கடைசி ஷாட்டுக்கு அடுத்த ஷாட் கிடையாது! நெட்டுல மாட்டுன ட்ராப்புக்கும் நெட்டுல மாட்டுன ஸ்மாஷுக்கும் பறந்த தூரம் பாதிதான். ரிவ்யூவுல எல்லாரும் முதல்ல கேட்கிற ஷாட் எதுவோ, அதுல இந்த முறை ரொம்ப பலவீனமா இருக்கு. அதனால 113 ராலியோட கடைசி ஷாட்டையும் நானே பார்த்துப் பேர் வச்சேன். கடைசி நாலு விநாடியை மட்டும் வெட்டி வரிசையா ஓட்டினா, அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. தவறவிட்ட கடைசி ஷாட்டும் அங்கயே மாட்டிக்கும்.

இப்போ மேட்ச்

நம்ம ப்ளேயர் எடுத்தது 53 பாயின்ட், விட்டது 60. ராலி நீளத்தை வச்சு நாலு பெட்டியாப் பிரிச்சா:

1 முதல் 4 ஷாட்: 34 ராலி, ஜெயிச்சது 17
5 முதல் 9 ஷாட்: 41 ராலி, ஜெயிச்சது 14
10 முதல் 15 ஷாட்: 24 ராலி, ஜெயிச்சது 13
16க்கு மேல: 14 ராலி, ஜெயிச்சது 9

பத்து ஷாட்டுக்கு மேல போன 38 ராலியில 22 நம்ம பக்கம். மூணாவது கேமை மட்டும் பார்த்தாலும் அந்த மாதிரி 13 ராலியில 7 நம்ம பக்கம். கால் நிக்காத ஆளுக்கு இப்படி வராது. பள்ளம் இருக்கிறது ரெண்டாவது பெட்டியில, 41ல 27 போச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. ஒரே மேட்ச், 41 ராலி. மொத்த மேட்ச்சோட சராசரிப்படி பார்த்தா அதுல 19 ஜெயிச்சிருக்கணும், ஜெயிச்சது 14. அஞ்சு பாயின்ட் வித்தியாசம் குருட்டு அதிர்ஷ்டத்துலயும் வரலாம். அதனால இந்த எண்ணை நான் தீர்ப்பா எடுத்துக்கல. எந்த 27 க்ளிப்பைப் பார்க்கணும்னு சொல்ற வழிகாட்டியா எடுத்துக்கிட்டேன். ஒரு மணி நேர வீடியோ அஞ்சு நிமிஷமாச் சுருங்கிடுச்சு, அதுதான் லாபம்.

அந்த 27ல கடைசி ஷாட்டை வச்சுப் பிரிச்சா: நம்ம தப்பு 16, எதிராளியோட வின்னர் 11. பேர்களைப் பார்த்தா, ஸ்மாஷைத் தடுக்கப் போய் பிளாக் நெட்டுல மாட்டினது, ஸ்மாஷே நேரா இறங்கினது, இந்த ரெண்டும்தான் அதிகம். இத்தோட நிறுத்தியிருந்தா ரிவ்யூ என்ன சொல்லியிருக்கும்? "டிஃபென்ஸை கவனிங்க." ஸ்டாமினாவுக்குப் பதிலா டிஃபென்ஸ், இன்னொரு ஆறு வாரம்.

அதனால கடைசி ஷாட்டை விட்டுட்டு, கடைசி அஞ்சு ஷாட்டை வரிசையா எழுதி, ஒரே மாதிரி வர்றதை எண்ணினேன். ஒரு ராலியை எடுத்துச் சொல்றேன். எதிராளி சர்வ், 1. நம்ம ப்ளேயர் நெட்டோரம் தட்டுறாங்க, 2. எதிராளி நம்ம இடது பின்மூலைக்கு லிஃப்ட், 3. நம்ம ப்ளேயர் தலையைச் சுத்தி எடுத்து, குறுக்கா ஒரு ட்ராப், 4. எதிராளி அதை நேரா நம்ம வலது முன்மூலைக்கு நெட் ஷாட்டா வைக்கிறாங்க, 5. நம்ம ப்ளேயர் ஓடி வர்றாங்க, லேட், ஷட்டில் தரையை ஒட்டி வந்துடுச்சு, எப்படியோ தூக்கி விடுறாங்க, அது பாதி கோர்ட்டுலயே நிக்குது, 6. எதிராளி ஸ்மாஷ், 7. நம்ம பிளாக் நெட்டுல, 8.

7ல முடிஞ்சா அட்டவணையில 'எதிராளி வின்னர்'. 8ல முடிஞ்சா 'நம்ம தப்பு, பிளாக்'. ரெண்டு பேர், ஆனா ஒரே கதை. ரெண்டும் ஆரம்பிச்சது 4ல.

ஏன்னு தரையை அளந்தாத் தெரியும். சிங்கிள்ஸ் கோர்ட் அகலம் 5.18 மீட்டர், நெட்டுல இருந்து பின்கோடு 6.7 மீட்டர். இடது பின்மூலையில இருந்து நேரா முன்னாடி வந்தா 6.7. குறுக்கா வலது முன்மூலைக்கு வந்தா மூலைக்கு மூலை 8.5 மீட்டர். குறுக்கு ட்ராப் போட்டவங்களே தனக்குக் கோர்ட்டோட நீளமான ஓட்டத்தை எழுதிக் கொடுத்துடறாங்க. அதே மூலையில இருந்து ட்ராப்பை நேரா போட்டா, எதிராளியோட நேர் நெட் ஷாட் இடது முன்மூலைக்குத்தான் வரும். குறுக்கா திருப்பணும்னா ஷட்டில் நெட்டோரமா ரொம்ப தூரம் பயணிக்கணும், நமக்கு நேரம் கிடைக்கும்.

இந்த வரிசை, குறுக்கு ட்ராப், நேர் நெட், பாதியில நின்ன லிஃப்ட், மேட்ச் முழுக்க 19 ராலியில வந்துச்சு. 14 தோல்வி. அந்த 14ல 12 நம்ம 5 முதல் 9 பெட்டிக்குள்ள. கேம்வாரியா அது வந்தது 4, 6, 9. தோத்தது 2, 5, 7.

கவனிச்சீங்களா? கோச் சொன்னதுல ஒரு பாதி சரி. மூணாவது கேம்ல ஏதோ கூடிக்கிட்டே போயிருக்கு. ஆனா அது ஏன் கூடுச்சு? எதிராளி அந்த இடது பின்மூலைக்கு எத்தனை தடவை அனுப்பினாங்கன்னு எண்ணினேன். முதல் கேம் 22, ரெண்டாவது 31, மூணாவது 37. மூணாவது கேம்லதான் ராலி குறைவு, இருந்தும் எண்ணிக்கை ஏறியிருக்கு. நம்ம ப்ளேயர் தளர்ந்தாங்களோ இல்லையோ, எதிராளி கண்டுபிடிச்சிட்டாங்க.

ஒரு பக்கம், மூணு வரி

கோச்சுக்குக் கொண்டு போனது அட்டவணை இல்ல. 14 க்ளிப், ஒவ்வொண்ணும் பத்து விநாடிக்கும் குறைவு, அதோட ஒரு பக்கத் தாள். அதுல மூணு வரி. ஒண்ணு, பத்து ஷாட்டுக்கு மேல போன ராலி நம்ம பலம். ரெண்டு, இடது பின்மூலையில இருந்து போடுற குறுக்கு ட்ராப் 14 பாயின்ட்டைத் தொடங்கி வச்சது. மூணு, எதிராளி அதை ரெண்டாவது கேம்லயே படிச்சிட்டாங்க.

அவர் நாலாவது க்ளிப்லயே நிறுத்தச் சொன்னார். ரெண்டு தடவை பின்னாடி ஓட்டிப் பார்த்தார். "லேட்டா போய் எடுக்கிறப்பதான் குறுக்க போடுறா. சீக்கிரம் போனப்ப நேரா போடுறா பாரு"ன்னார். அது என் டேட்டாவுல இல்லாத விஷயம். அடிக்கும்போது உடம்பு சமநிலையில இருந்துச்சா, வேற வழி தெரியாம அதைத் தேர்ந்தெடுத்தாங்களா, இதெல்லாம் பாதத்தோட இடத்தையும் ஷட்டிலோட பாதையையும் வச்சுச் சொல்ல முடியாது. களைப்புல கால் ஒரு எட்டு பின்தங்கி, அதனால கை குறுக்கு வழி தேடியிருக்கலாம்னு அவர் நினைச்சார். இருக்கலாம், என் எண்கள் அதை மறுக்கலை. ஆனா அதுக்கு மருந்து ரோட்டுல ஓடுறது இல்ல, அந்த மூலைக்கு முதல் எட்டை வேகமா வைக்கிறதுன்னு அவரே சொன்னார். ஓட்டத்தைப் பாதியா குறைச்சு, மீதி நேரத்துக்கு அந்த மூலையில ஷட்டில் ஊட்டுற பயிற்சி வச்சிருக்கார். லேட்டா போனா நேர் ட்ராப், இல்ல உயரமா க்ளியர். குறுக்கு ட்ராப்புக்குத் தடை இல்ல, முன்கூட்டியே போய் நின்னா மட்டும்.

அடுத்த மேட்ச்சுக்கு எதைப் பார்க்கணும்னும் முன்னாடியே எழுதி வச்சிருக்கோம்: அந்த மூலையில இருந்து போற குறுக்கு ட்ராப்ல எத்தனை, நேர் நெட்டுக்குத் திரும்பி, பாதியில நிக்கிற லிஃப்டா முடியுது? மேட்ச் முடிஞ்ச பிறகு எதைத் தேடலாம்னு யோசிச்சா, தேடினது எல்லாம் கிடைக்கும். 113 ராலியில எந்தக் கதையையும் கண்டுபிடிச்சிடலாம். முன்னாடியே எழுதி வச்ச கேள்விக்குத்தான் பதில் 'இல்ல'ன்னும் வர முடியும்.

நீங்களும் முயற்சி பண்றதா இருந்தா, கேமராவை உயரமா, கோர்ட்டோட நடுக்கோட்டுக்கு நேரா, அசையாம வைங்க. நாலு மூலையும் தெரியணும். 60 ஃப்ரேம். முதல் நாள் எந்த மாடலும் வேண்டாம். ஒரு கேமை மட்டும் காகிதத்துல, ஒவ்வொரு ராலிக்கும் எத்தனை ஷாட், அடுத்த சர்வ் யாருன்னு ரெண்டே பத்தி எழுதுங்க. ப்ரோக்ராம் சரியா எண்ணுதான்னு பின்னாடி சரிபார்க்கப் போறது அந்தக் காகிதத்தை வச்சுத்தான்.

கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல டபுள்ஸ். அங்க மாத்தி மாத்தி அடிக்கிறது ஆள் இல்ல, அணி. அதனால இன்னிக்கு சொன்ன முதல் விதியை அப்படியே போட முடியாது. என்ன பண்ணலாம்னு பார்ப்போம்.